ஆச்சி கதைக்கு மழைச் சத்தம் போட்டால் கடைசி வார்த்தை காணாமல் போகிறது

பொருநைக்கரை (இழை தொடக்கம்)

எல்லாருக்கும் வணக்கம். எங்க ஆச்சிக்கு 82 வயசு. அம்பாசமுத்திரம் பக்கத்துல எங்க ஊரு. சாயங்காலம் திண்ணையில உக்காந்து கதை சொல்லுவாங்க. நான் சேலையில ஒரு காலர் மைக்க மாட்டிவிட்டு போன்லயே எடுத்து, ஊருக்கு வந்த நேரத்துல எடிட் பண்ணிப் போட்டுட்டு இருக்கேன்.

போன வாரம் போட்டது ஒரு மழை ராத்திரிக் கதை, எட்டு நிமிஷம். பின்னால மழை, இடி, தவளை, சில்வண்டு எல்லாம் சேர்த்தேன். போட்ட அன்னைக்கே "மழைல பேச்சு புரியல"ன்னு கமெண்ட். மழையக் குறைச்சு வீடியோவ மறுபடி ஏத்துனேன். அப்பவும் அதே பேச்சு. இன்னும் குறைச்சா மழை இருக்கறதே தெரியல. பேச்சோட உச்சம் மீட்டர்ல -6 டெசிபல், மழையோட உச்சம் -18. இதுக்கு மேல எப்படிக் குறைக்க?

முக்கியமான இடம் 4:12. ஆச்சி சொல்ற வரி: "அன்னைக்குக் கதவத் தட்டுனது உங்க தாத்தா இல்ல." அங்கதான் இடி போட்டிருக்கேன். ஆனா கமெண்டுல மூணு பேரு "தாத்தாதான வந்தாரு, அதுக்கு எதுக்கு ஆச்சி பயந்தாங்க?"ன்னு கேக்குறாங்க. கதையே தலைகீழாப் போயிருச்சு. மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு. யாராவது வழி சொல்லுங்க.

---

கண்ணாடிக்கடை

அண்ணே, இதே பிரச்சினை எனக்கும் இருந்துச்சு. மழைல எடுத்தா அப்படித்தான். எடிட் ஆப்ல நாய்ஸ் ரிடக்‌ஷன்னு ஒண்ணு இருக்கும், அத முழுசா ஏத்திப் பாருங்க, மழைச் சத்தம் போயிரும். இல்லன்னா மழை விட்டதும் மறுபடி எடுத்துருங்க.

---

பொருநைக்கரை

தம்பி, எடுக்கும்போது மழையே இல்ல. மாசி மாசம், நல்ல காஞ்ச நாளு. மழைச் சத்தம் நான் பின்னால சேர்த்தது. அது இருக்கணும், பேச்சும் கேக்கணும். அதுதான் கேள்வி.

---

வெட்டு_ஒட்டு

இதுக்குக் கையால மல்லுக்கட்ட வேண்டாம் ப்ரோ. ஆட்டோ டக்கிங் போடுங்க. பேச்சு வர்றப்போ மழை தானா இறங்கும், பேச்சு நின்னா தானா ஏறும். பெரிய எடிட்டர் எல்லாத்துலயும் இருக்கு, ஆடாசிட்டில `Auto Duck`னு பேரு. நான் எஃப்எஃப்எம்பெக்ல இப்படிப் பண்றேன், ரெண்டு வருஷமா இதே வரிதான்:

```
ffmpeg -i pechu.wav -i mazhai.wav -filter_complex \
"[0:a]asplit=2[v][sc];[1:a]volume=-8dB[m]; \
[m][sc]sidechaincompress=threshold=0.05:ratio=4:attack=20:release=250[d]; \
[v][d]amix=inputs=2:duration=first:normalize=0[o]" -map "[o]" out.wav
```

அப்புறம் மொத்தத்தையும் -14 லஃப்ஸுக்குக் கொண்டு வந்துருங்க. யூடியூப் அதுக்கு மேல இருக்கறதக் குறைச்சிரும். இது ரெண்டும் பண்ணா வேலை முடிஞ்சுது.

---

பொருநைக்கரை

நன்றி ப்ரோ, அப்படியே போட்டுப் பார்த்தேன். நடு வாக்கியமெல்லாம் தெளிவா வந்துருச்சு. ஆனா ஒவ்வொரு வாக்கியம் முடியற இடத்துலயும் மழை புஸ்ஸுன்னு எழும்புது, யாரோ மூச்சு விடுற மாதிரி. "இல்ல" இப்பவும் கேக்கல. முன்னவிட மோசம்னு கூடச் சொல்லலாம்.

---

நாடக_ஒலி

வணக்கம். நான் வானொலி நாடகங்களுக்கு ஒலி சேர்க்கும் வேலையில் தொடங்கி, பிறகு டப்பிங் ஸ்டுடியோவில் 20 வருடத்துக்கு மேல் இருந்தவள். வீடியோவைக் கேட்டேன். உங்கள் ஆச்சியின் குரலும் கதை சொல்லும் நிதானமும் அருமை. எடிட் செய்யாத பேச்சுக் கோப்பை இங்கே பகிர முடியுமா? 4:05 முதல் 4:20 வரை போதும்.

ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தமிழில் வினையும் மறுப்பும் வாக்கியத்தின் கடைசியில் வருகின்றன. வந்தானா வரவில்லையா, தாத்தாவா தாத்தா இல்லையா என்பது கடைசி ஓரிரு அசையில்தான் தெரிகிறது. பேசுகிறவரின் மூச்சு தீர்வதும் அங்கேதான், குரல் இறங்குவதும் அங்கேதான். எடிட்டர்கள் ஆசையாக இடியை வைப்பதும் அதே இடத்தில்தான். அதனால் மழையின் மொத்த அளவைக் கூட்டிக் குறைத்துக்கொண்டிருந்தால் இது சரியாகாது. வாக்கியக் கடைசிகளை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

---

டீக்கடை_பெஞ்சு

குறுக்க வர்றேன், மன்னிக்கணும். நான் ஒரு நிமிஷக் காமெடி வீடியோ போடுறவன். மதுரை. ஒரு வீடியோவுக்குப் பதினஞ்சு, பதினேழு எஃபெக்ட் வரைக்கும் போடுவேன். டொய்ங், டம்முன்னு தவில் அடி, கண்ணாடி உடையறது, எல்லாம். நண்பர்கள் முன்னால நேர்ல சொன்னா சிரிக்கிறாங்க. அதே ஜோக்க வீடியோவுல போட்டா சிரிப்பே வரல. சத்தம் பேச்சை விடப் பெருசா இல்ல, அதக் கவனமாப் பார்த்துட்டேன். அக்கா சொன்ன கடைசி அசை விஷயம் இதுக்கும் பொருந்துமா?

---

பொருநைக்கரை

அக்கா, கோப்பு பகிர்ந்துட்டேன். நீங்க சொன்னதும் மீட்டர்ல பார்த்தேன். "தாத்தா" வர்ற இடத்துல உச்சம் -7. "இல்ல"ங்கற இடத்துல -19. பயத்த சொல்ற இடம்னு ஆச்சி குரல இறக்கிட்டாங்க.

---

நாடக_ஒலி

கேட்டேன். நீங்கள் கண்டுபிடித்த அந்த எண்ணே பதில். மழையின் உச்சம் -18, "இல்ல"வின் உச்சம் -19. "தாத்தா" மழைக்கு மேலே 11 டெசிபல் உயரத்தில் நிற்கிறது, "இல்ல" மழைக்குள்ளேயே மூழ்கிவிட்டது. மழையை இன்னும் 10 டெசிபல் குறைத்தால் "இல்ல" தலை நீட்டும். ஆனால் அதற்குள் மழை செத்துவிடும். நீங்கள் மாட்டிக்கொண்டிருந்தது அங்கேதான்.

வெட்டு_ஒட்டு சொன்ன டக்கிங் தப்பான யோசனை இல்லை. ஆனால் அந்தக் கருவிக்கு வார்த்தை தெரியாது, சத்தத்தின் அளவு மட்டும்தான் தெரியும். `threshold` என்பது வாசல், பேச்சு அதைத் தாண்டினால்தான் மழை இறங்கும். `threshold=0.05` என்றால் ஏறக்குறைய -26 டெசிபல். அந்தக் கணக்குப் பார்ப்பது உச்சத்தை வைத்து இல்லை, சராசரியை வைத்து. "இல்ல"வின் சராசரி -30 அருகில் இருக்கிறது. அதனால் "தாத்தா" முடிந்ததுமே பேச்சு நின்றுவிட்டது என்று கருவி முடிவு செய்கிறது. கால் நொடியில் மழையை மேலே ஏற்றுகிறது. ஏறுகிற மழை சரியாக "இல்ல"வின் மேல் விழுகிறது. நீங்கள் கேட்ட மூச்சு விடும் ஓசை அதுதான்.

நான் இந்த வரிசையில் செய்வேன்.

முதலில் மழையை முழுவதும் மூடிவிட்டுப் பேச்சை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வாக்கியக் கடைசிகள் எங்கெல்லாம் தாழ்கின்றனவோ அங்கெல்லாம் அந்தத் துண்டை மட்டும் 5 அல்லது 6 டெசிபல் ஏற்றுங்கள். "தாத்தா" அளவுக்குச் சமமாக்க வேண்டாம். ஆச்சி குரலைத் தாழ்த்தியதில்தான் அச்சமே இருக்கிறது, அது தட்டையாகிவிடக் கூடாது. எட்டு நிமிடக் கதையில் இப்படி முப்பது நாற்பது இடம் வரும். ஒரு மணி நேர வேலை. கம்ப்ரெஸரை ஓரளவு போட்டால் வேலை குறையும். ஆனால் அதிகமாகப் போட்டால் திண்ணைக்குப் பின்னால் இருக்கும் மின்விசிறி இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

பிறகு டக்கிங். வாசலைத் தாழ்த்தி, அமுக்குவதை மென்மையாக்கி, திரும்பி ஏறுவதை மெதுவாக்குங்கள். அதே கட்டளையில் அந்த ஒரு பகுதி மட்டும்:

```
sidechaincompress=threshold=0.015:ratio=1.6:attack=20:release=900
```

இப்படி வைத்தால் "இல்ல" வரும்போதும் மழை கீழேயே இருக்கும், முடிந்து ஏறக்குறைய ஒரு நொடியில் தெரியாமல் ஏறும். ஒரு எச்சரிக்கை: பேச்சுக் கோப்பின் பின்னணி இரைச்சலே அந்த வாசலுக்கு மேல் இருந்தால் மழை எப்போதும் அமுங்கியே கிடக்கும். இடைவெளிகளில் மழை மீண்டு வரவில்லை என்றால் காரணம் அதுதான்.

இடியைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். டீக்கடை_பெஞ்சுக்கும் அதில் பதில் இருக்கும்.

---

நாடக_ஒலி

இடி. டைம்லைனில் அலைவடிவத்தைப் பார்த்து வைத்தீர்கள் என்று நினைக்கிறேன். "தாத்தா"வுக்குப் பிறகு கோடு மெலிந்து கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது. கண்ணுக்கு வாக்கியம் முடிந்துவிட்டது. காதுக்கு இன்னும் "இல்ல" பாக்கி. அதனால் எஃபெக்ட் வைக்கும் இடத்தைக் கண்ணை மூடிக் கேட்டு, கடைசி எழுத்து தீர்ந்ததும் ஒரு மார்க்கர் போடுங்கள். பிறகுதான் திரையைப் பாருங்கள்.

அடுத்தது, இடிக் கோப்பின் தொடக்கமும் இடி விழும் கணமும் ஒன்றல்ல. நீங்கள் போட்டிருக்கும் கோப்பில் முதலில் ஒரு உறுமல், அதற்கு 0.4 நொடி கழித்துத்தான் வெடிப்பு. 25 ஃபிரேம் வீடியோவில் அது 10 ஃபிரேம். கோப்பின் முனையை மார்க்கரில் ஒட்டினால் உறுமல் பேச்சோடு ஒட்டிக்கொள்ளும், வெடிப்பு எங்கேயோ போய் விழும். வெடிப்பை வைத்துக் கணக்குப் பண்ணுங்கள். உங்கள் காட்சிக்கு நான் "இல்ல" முடிந்து முக்கால் நொடி முழுக்க விட்டிருப்பேன். கேட்பவர் மனதில் "அப்போ யார்?" என்ற கேள்வி எழ அவ்வளவு நேரம் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் போல இடி விழ வேண்டும்.

டீக்கடை_பெஞ்சு, நகைச்சுவையிலும் இதேதான், இடைவெளி மட்டும் குறுகலாக இருக்கும். உங்கள் ஹோட்டல் சப்ளையர் வீடியோவில் "சாம்பார்ல விழுந்தது பல்லி இல்லண்ணே, ஓனரோட மோதிரம்" என்ற வரி. "பல்லி இல்லண்ணே" முடியும்போதே டொய்ங் வந்துவிடுகிறது. ஏதோ வரப்போகிறது என்று சத்தம் சொல்லிவிட்டது, அப்புறம் மோதிரம் வந்து என்ன செய்யும்? "மோதிரம்" என்று முழுவதும் முடிந்து, கேட்ட ஆளின் முகத்தைக் காட்டும் வெட்டில் அந்த ஓசையை வையுங்கள். ஜோக்கைச் சொல்வது நீங்கள், அதற்கு எதிர்வினை காட்டுவது ஓசை. இரண்டும் ஒரே நேரத்தில் பேசக் கூடாது.

---

டீக்கடை_பெஞ்சு

அக்கா, மோதிரத்த மாத்திப் பார்த்தேன். ஆறு ஃபிரேம் தள்ளி வச்சேன். என் தங்கச்சி ஏற்கனவே அம்பது தடவ கேட்டவ, அவளே சிரிச்சிட்டா. ஆனா பதினேழு எஃபெக்ட்டக் குறைக்கணும்னு சொன்னா எனக்குச் சம்மதம் இல்ல. ஒரு நிமிஷ வீடியோவுல மூணு நொடி சும்மா இருந்தா ஆளு தள்ளி விட்டுட்டுப் போயிருவான். என் வீடியோ புள்ளிவிவரத்துல நானே பார்க்குறேன்.

---

நாடக_ஒலி

எண்ணிக்கையைப் பற்றி நான் சொல்ல மாட்டேன், உங்கள் பார்வையாளரை நீங்கள்தான் அறிவீர்கள். ஒரே ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒவ்வொரு எஃபெக்டையும் மூடிவிட்டு அந்த வரியைக் கேளுங்கள். ஓசை இல்லாமலே சிரிப்பு வந்தால் அந்த ஓசை தேவையா என்று யோசியுங்கள். ஓசை இல்லாமல் சிரிப்பு வரவில்லை என்றால் அந்த வரியை முதலில் திருத்துங்கள்.

---

வெட்டு_ஒட்டு

ரிலீஸ் 250ல விட்டுட்டேன், அது என் தப்பு, ஒத்துக்கறேன். நான் பண்றது ஆங்கிலத்துல பேசுற டெக் வீடியோ, அதுல கடைசி வார்த்தை இந்த அளவுக்குத் தாழல. ஆனா ஒரு சந்தேகம். டக்கிங்குக்குப் பதிலா மழையில 2000லிருந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஈக்யூல ஒரு 6 டெசிபல் வெட்டிட்டா போதாதா? மெய்யெழுத்து தெளிவா கேக்கறது அந்த இடத்துலதான?

---

நாடக_ஒலி

வெட்டுவது நல்லது, நானும் வெட்டுவேன். ச, ட, த எல்லாம் பிரிந்து தெரிவது பெரும்பாலும் அந்தப் பகுதியில்தான். ஆனால் "இல்ல"வில் அப்படிப்பட்ட வல்லெழுத்தே இல்லை. அதன் சத்தெல்லாம் அதற்குக் கீழே இருக்கிறது. அந்த வார்த்தையை ஈக்யூ பாதிதான் காப்பாற்றும்.

இதைவிடப் பெரியது வேறொன்று. பெருமழை ஓசை என்பது எல்லா அலைவரிசையிலும் இடைவிடாமல் நிரம்பிய இரைச்சல். போன் ஸ்பீக்கரில் அதன் அடிப்பகுதி விழுந்துவிடும், மிஞ்சுவது "ஸ்ஸ்ஸ்" மட்டும். மழை என்று பெயர் சொல்லாமல் போட்டால் பலர் அதைக் கேஸ் கசிவு என்பார்கள். வானொலியில் நாங்கள் ஆட்களுக்குப் பின்னால் பெருமழையை ஓடவிட மாட்டோம். தொடக்கத்தில் மூன்று நான்கு நொடி மழை நன்றாகக் கேட்கும், கேட்பவர் "சரி, மழை" என்று ஏற்றுக்கொண்டதும் அது தாழ்ந்துவிடும். அதன் பிறகு மழையை நினைவூட்டுவது சொட்டுகள். ஓட்டுக் கூரையிலிருந்து வாளிக்குள் விழும் சொட்டு, வாழையிலையில் விழும் சொட்டு. சொட்டுக்கும் சொட்டுக்கும் நடுவே இடம் இருக்கிறது, அந்த இடத்தில் பேச்சு புகுந்துகொள்ளும். அளவையே குறைக்காமல் பேச்சு தெளியும்.

பொருநைக்கரை, உங்கள் ஆச்சி வீட்டில் ஓடு இருக்கிறதா?

---

பனங்காடு

நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். எங்கட அப்பப்பாவின்ர கதைகளை ஒலியா மட்டும் பதிஞ்சு வச்சிருக்கிறம். உங்கட வீடியோவைக் கேட்டனான். பேச்சு எனக்கு ஓரளவு விளங்கினது, ஆனா தவளை என்னைக் கதையை விட்டு வெளிய இழுத்துப் போட்டது. அந்த "ரிபிட், ரிபிட்" எண்டு கத்திற தவளை வட அமெரிக்காவின்ர மேற்குக் கரைப் பக்கத்துத் தவளை. ஹாலிவுட் படங்களால உலகம் முழுக்கப் பரவின சத்தம் அது. எங்கட வயல் தவளை அப்பிடிக் கத்தாது. ஆச்சி பிறந்து வளர்ந்த ஊரின்ர மழைக்குள்ள அந்தத் தவளை இருக்கேலாது.

இன்னொண்டு. உங்கட சில்வண்டுச் சத்தத்துக்குள்ள ஒரு குருவி கீச்சிடுது. அது 20 செக்கனுக்கு ஒருக்கா அப்பிடியே திரும்பி வருது. ஒரே துண்டைத் திருப்பித் திருப்பி ஒட்டியிருக்கிறியள் போல. எண்ணத் தொடங்கினாப் பிறகு கதை காதில விழேல்ல.

---

பொருநைக்கரை

பனங்காடு, தவளைய எங்க ஊரு ஆள் ஒருத்தரும் கண்டுபிடிக்கல, நீங்க பிடிச்சிட்டீங்க. எடுத்துட்டேன். குருவியையும் கேட்டேன், இனி என்னால கேக்காம இருக்க முடியல.

அக்கா, வீட்டுல ஓடு இருக்கு, பின்னாடி வாழையும் இருக்கு. மழைக்குக் காத்திருக்க முடியாதுன்னு தோட்டத்துக் குழாய்ல ஹோஸ் போட்டு ஓட்டு மேல தண்ணி விட்டு, கீழ பித்தளை வாளி வச்சு, போன ஒரு கை தூரத்துல பிடிச்சு ஆறு நிமிஷம் எடுத்தேன். வாளி பாதி நிறைஞ்சதும் சத்தம் மாறிருது, அதனால ரெண்டு தடவை கவுத்து எடுத்தேன். ராத்திரி பதினொரு மணிக்குத் திண்ணையில யாரும் இல்லாம சில்வண்டு மட்டும் பத்து நிமிஷம். பத்து நிமிஷத் துண்டு இருக்கறதால எட்டு நிமிஷக் கதைக்கு ஒட்டுப்போட வேண்டியதே இல்ல.

வாக்கியக் கடைசிகள் மொத்தம் 34 இடம் ஏத்துனேன். சொட்டுச் சத்தம் உச்சம் -20ல இருக்கு, அப்பவும் "இல்ல" பளிச்சுன்னு கேக்குது. இடிய முக்கால் நொடி தள்ளிட்டேன்.

---

பனங்காடு

இடி வேணுமோ எண்டு ஒருக்கா யோசியுங்கோ. ஆரும் கிட்ட நடந்து வந்தால் சில்வண்டு கத்திறதை நிப்பாட்டிப்போடும். கிராமத்தில வளர்ந்த எல்லாருக்கும் அது தெரியும். "இல்ல" எண்டு சொல்லி முடிஞ்ச உடனை சில்வண்டு முழுக்க நிண்டால், வெளியில ஆரோ நிக்கினம் எண்டு சொல்லாமலே விளங்கும். இடி எங்கையும் இடிக்கும்.

---

நாடக_ஒலி

அழகான யோசனை. நானே செய்திருப்பேன். ஆனால் முற்றிலும் வெறுமையாக்க வேண்டாம். சில்வண்டை நிறுத்தினாலும் அறையின் மெல்லிய காற்று ஓசை அடியில் ஓட வேண்டும், இல்லையென்றால் போன் பழுதாகிவிட்டது என்று நினைப்பார்கள். ஆச்சி பேசாமல் உட்கார்ந்திருக்கும் ஒரு நிமிடத்தை அதே மைக்கில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அதைப் போடலாம். சொட்டுகள் தொடரட்டும்.

ஒரு குறை இருக்கிறது. போன் ஸ்பீக்கரில், சமையலறை மிக்ஸி சத்தத்தில் கேட்பவருக்குச் சில்வண்டு நின்றது தெரியவே தெரியாது. இடி தெரியும். யாருக்காகச் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

---

வெட்டு_ஒட்டு

எனக்கு இடிதான் சரின்னு தோணுது. நான் உங்க ரெண்டையும் ஹெட்போன்ல கேட்டா சில்வண்டு நல்லாருக்கும், ஆனா இந்த வீடியோவ நூத்துக்குத் தொண்ணூறு பேரு போனத் தூக்கிப் பிடிச்சுத்தான் பார்ப்பாங்க.

---

பொருநைக்கரை

ரெண்டையும் செஞ்சு வச்சேன். கதை தெரியாத ஒருத்தர்கிட்ட போட்டுக் காட்டணும்னு நெனச்சு, பக்கத்து வீட்டு அத்தைய கூப்பிட்டேன். எனக்கு எல்லா வரியும் மனப்பாடம், கேக்காததும் எனக்குக் கேக்கும். அத்தைக்கு 60 தாண்டியாச்சு, காது கொஞ்சம் மந்தம். ஃபேன அஞ்சுல ஓடவிட்டு, போன மேசையில வச்சு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "என்ன சொன்னாங்க?"ன்னு கேட்டேன். 34ல 31 சரியாச் சொன்னாங்க. விட்டுப்போன மூணுலயும் ஆச்சி தலையத் திருப்பிப் பேசிருக்காங்க, மைக்கே பிடிக்கல. அதுல பின்னணிய முழுசா எடுத்துட்டேன், எழுத்தும் போட்டுட்டேன்.

4:12ல சில்வண்டு நின்னத அத்த கவனிக்கல. இடி வச்சதுல "ஐயோ, அப்ப யாரு?"ன்னு கேட்டாங்க. ஆனா ஆச்சிகிட்ட ரெண்டையும் ஹெட்போன்ல போட்டுக் காட்டுனேன். இடி வர்றதக் கேட்டுட்டு, "அன்னைக்கு இடி இடிக்கலையே. சத்தமே இல்லாமத்தான் இருந்துச்சு"ன்னு சொன்னாங்க.

இப்போதைக்குச் சில்வண்டு நிக்கிறத வச்சு ஏத்திருக்கேன். அத்தை மாதிரி ஆளுங்களுக்கு அது தெரியற மாதிரி, முன்னால 20 நொடி சில்வண்ட மட்டும் 3 டெசிபல் மெல்ல ஏத்திக்கொண்டு வந்து நிறுத்திப் பார்க்கப் போறேன். அக்கா, ஏத்துனா அதுக்கு முந்தின வரிங்க மறுபடி மூழ்குமா? சில்வண்டோட சத்தம் எல்லாம் மேல, அஞ்சாயிரம் ஹெர்ட்ஸ் கிட்டதான் இருக்கற மாதிரி தெரியுது.

---

நாடக_ஒலி

உங்கள் ஊர்ச் சில்வண்டு அவ்வளவு மேலே இருந்தால் உயிரெழுத்துகளைத் தொடாது. "ச" வரும் இடங்களை மட்டும் கேட்டுப் பாருங்கள். முந்தின வரியில் "சாவி" என்று ஒரு வார்த்தை இருக்கிறது, அதை முதலில் அத்தையிடம் கேளுங்கள்.